தரைப்பரப்பும் அறை எண்ணிக்கையும் ஒன்றாக நுழைந்த ரிக்ரெஷன்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

செங்காங்வாசி:

பகுதிநேரப் படிப்பின் ஒப்படைப்புக்காகச் சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய மறுவிற்பனை வீடுகளில் 60ஐ எடுத்து, அவற்றின் விலையைத் தரைப்பரப்பு, அறை எண்ணிக்கை ஆகிய இரண்டையும் கொண்டு விளக்க முயன்றேன். R² 0.64 என்றும், F மதிப்பு 50க்கு மேல் என்றும் வந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அடுத்த வரிகளைப் பார்த்ததும் குழப்பம் தொடங்கியது. ஒரு சதுர மீட்டருக்கு 3,400 வெள்ளி என்ற கெழுவுக்குத் திட்டப்பிழை 2,060. ஓர் அறைக்கு 41,000 வெள்ளி என்ற கெழுவுக்குத் திட்டப்பிழை 48,500. இரண்டில் ஒன்றுகூட முக்கியத்துவச் சோதனையில் தேறவில்லை. இரண்டு மாறிகளும் சேர்ந்த மாதிரி விலையை நன்றாக விளக்குகிறது, ஆனால் அதன் உறுப்புகள் எதுவும் விளக்கவில்லை என்றால் நான் எதை நம்புவது?

பிறகு தரைப்பரப்பை மட்டும் தனியாக வைத்தேன். கெழு 5,100, திட்டப்பிழை 500 என்று மிகத் தெளிவாக வந்தது. மேலும், வழக்கத்துக்கு மாறாகத் தோன்றிய நான்கு வீடுகளை நீக்கிவிட்டு இரண்டு மாறிகளையும் மறுபடி ஓட்டியபோது அறையின் கெழு −15,000 ஆக மாறிவிட்டது. கூடுதல் அறை இருந்தால் வீட்டின் விலை குறையும் என்று எந்த முகத்தோடு எழுதுவேன்? இதே நிலையைச் சந்தித்தவர்கள் என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கணக்குப்பிள்ளை:

எனக்கும் இப்படி நேர்ந்திருக்கிறது. விளக்கும் மாறிகளே ஒன்றோடொன்று நெருங்கி ஒட்டிக்கொள்ளும் பன்முக ஒட்டுறவுச் சிக்கல்தான் இது. அந்த ஒட்டுதலால் கெழுவின் மாறுபாடு எத்தனை மடங்கு வீங்கியது என்று காட்டும் VIF எண்ணைப் பாருங்கள். 10க்கு மேல் இருந்தால் உங்கள் கெழுக்கள் பிழையானவை என்று பொருள். ஒரு மாறியைத் தூக்கி எறிந்துவிட்டுத் தரைப்பரப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேலை முடிந்தது. நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

பழைய பட்டறை:

கணக்குப்பிள்ளை அவர்கள் நோயைச் சரியாகக் கண்டுவிட்டார். மருந்தைப் பற்றித்தான் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

செங்காங்வாசி, உங்கள் இரண்டு மாறிகளுக்கும் இடையே உள்ள ஒட்டுறவைக் கணக்கிட்டீர்களா? நீங்கள் தந்த எண்களிலிருந்தே ஊகிக்கலாம். திட்டப்பிழை 500இலிருந்து 2,060க்குத் தாவியிருக்கிறது, அதாவது நான்கு மடங்குக்குச் சற்று மேல். அந்த மடங்கின் வர்க்கம்தான் ஏறத்தாழ உங்கள் VIF, 17க்குப் பக்கத்தில் வரும். அப்படியானால் ஒட்டுறவு 0.97 அளவில் இருக்க வேண்டும்.

```
VIF = 1 / (1 - 0.97^2) = 16.9
```

இதன் பொருளைத் தரவுக்குள் இறங்கிப் பார்த்தால்தான் புரியும். செங்காங்கின் வீடுகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே காலத்தில் கட்டப்பட்டவை. அங்கே நாலறை வீடு என்றால் பரப்பு 90 சதுர மீட்டரை ஒட்டியிருக்கும், ஐந்தறை என்றால் 110ஐ ஒட்டியிருக்கும். அறை கூடும்போதெல்லாம் பரப்பும் கூடுகிறது. பரப்பு மாறாமல் அறை மட்டும் கூடினால் விலை என்ன ஆகும் என்று நீங்கள் ரிக்ரெஷனிடம் கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய வீடுகள் உங்கள் 60இல் எத்தனை? அறைக்குப் பொருந்தாத பரப்புடைய சில வீடுகள் மட்டுமே. நீங்கள் நீக்கிய அந்த நான்கும் அவற்றில் சேர்ந்தவையாக இருக்கும் என்பது என் ஊகம். அறையின் விலையைப் பற்றித் தரவில் இருந்த தகவலின் பெரும்பகுதியை அவைதான் சுமந்துகொண்டிருந்தன. அவை போனதும் திட்டப்பிழை இன்னும் வீங்கியிருக்கும், குறியும் புரண்டது.

எனவே கெழுக்கள் பிழையானவை என்று சொல்வது சரியன்று. மாதிரி வடிவம் சரியாக இருக்கும்வரை அவை ஒருபக்கம் சாய்வதில்லை, வெகுவாக ஆடுகின்றன என்பதே உண்மை. திட்டப்பிழையும் பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று நேர்மையாகச் சொல்கிறது.

மாலைநேர மாணவி:

என் அனுபவமும் இதுவேதான் என்று நினைக்கிறேன். நான் 2023ஆம் ஆண்டின் மறுவிற்பனைத் தரவை மட்டும் எடுத்து, வீட்டின் வயதையும் எஞ்சிய குத்தகைக் காலத்தையும் சேர்த்தேன். R மென்பொருள் ஒன்றின் கெழுவுக்குப் பதிலாக NA என்று காட்டியது. பிறகு எஞ்சிய குத்தகையை முழு ஆண்டுகளாக அல்லாமல் மாதக் கணக்கோடு உள்ளிட்டேன். NA மறைந்து இரண்டு கெழுக்களும் வந்துவிட்டன. ஆகவே தரவைத் துல்லியமாக்கினால் போதும் அல்லவா?

பழைய பட்டறை:

இல்லை அம்மா, அங்கே சிக்கல் மறைந்துகொண்டது, தீரவில்லை. 99 ஆண்டுக் குத்தகையில் ஒரே ஆண்டின் விற்பனைகளை எடுத்தால் வயதும் எஞ்சிய காலமும் சேர்ந்து எப்போதும் 99தான். ஒன்றைச் சொன்னால் மற்றதைச் சொன்னதாகிவிடும். அதனால் R ஒன்றை விட்டுவிட்டது. மாதங்களைச் சேர்த்ததால் அந்தச் சமன்பாட்டில் சில மாத அளவுக்குச் சலனம் ஏற்பட்டது, அந்தச் சலனத்தை மட்டும் பிடித்துக்கொண்டு மென்பொருள் இரண்டு கெழுக்களைக் கணக்கிட்டது. அவற்றின் திட்டப்பிழைகளைப் பாருங்கள், எவ்வளவு பெரியவை என்று தெரியும். உங்கள் இரண்டு மாறிகளும் ஒரே செய்தியின் இரண்டு பெயர்கள் என்பதால், இந்த ஒரு நேர்வில் ஒன்றை நீக்குவதில் எந்த இழப்பும் இல்லை. செங்காங்வாசியின் நிலை வேறு. பரப்பும் அறையும் உண்மையிலேயே வெவ்வேறு பொருள்கள்.

கணக்குப்பிள்ளை:

அப்படியானால் அறையை நீக்கினால் என்ன கெட்டுவிடும்? 5,100 என்ற எண் எவ்வளவு உறுதியாக வந்திருக்கிறது!

பழைய பட்டறை:

உறுதியாக வந்தது, ஆனால் வேறு கேள்விக்கான விடையாக வந்தது. அந்த 5,100க்குள் பரப்போடு கூடவே வரும் அறையின் மதிப்பும் கலந்திருக்கிறது. வாங்குபவர் எவ்வளவு தருவார் என்று கணிப்பது மட்டும் நோக்கமென்றால் அது போதும். சொல்லப்போனால், கணிப்புக்கு இரண்டையும் வைத்திருந்தாலும் பாதகமில்லை. நாலறையிலிருந்து ஐந்தறைக்கு, 20 சதுர மீட்டர் கூடுதலோடு மாறுவதைக் கணக்கிடுங்கள். முதல் ஓட்டத்தில் 68,000உடன் 41,000 சேர்ந்து 1,09,000 வெள்ளி. நான்கு வீடுகளை நீக்கிய ஓட்டத்தில் பரப்பின் கெழு என்னவாக இருந்தது?

செங்காங்வாசி:

5,730. அதன்படி 1,14,600இலிருந்து 15,000 போக, 99,600 வெள்ளி வருகிறது. குறி தலைகீழானபோதும் இரண்டும் சேர்ந்த தொகை அவ்வளவாக அசையவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. நீக்கிய நான்கையும் இப்போது திரும்பப் பார்த்தேன். நான்கிலுமே பரப்பு அறை எண்ணிக்கைக்குப் பொருந்தாமல்தான் இருக்கிறது.

எண்தேடி:

இதைக் கைப்பட உணர விரும்புவோர் R மென்பொருளில் உள்ள லாங்லி தரவை ஓட்டிப் பாருங்கள். அமெரிக்கப் பொருளாதாரத்தின் 1947 முதல் 1962 வரையிலான 16 ஆண்டுகள் மட்டுமே.

```
summary(lm(Employed ~ ., data = longley))
```

R² 0.995ஐத் தாண்டும். ஆனால் நாட்டின் மொத்த உற்பத்தி கூடினால் வேலைவாய்ப்பு குறையும் என்பதுபோல் அதன் கெழு எதிர்க்குறியோடு நிற்கும். ஓர் ஆண்டை நீக்கி ஓட்டுங்கள், பிறகு வேறோர் ஆண்டை நீக்கி ஓட்டுங்கள், கெழுக்கள் எவ்வளவு ஆடுகின்றன என்று பாருங்கள். நான் VIFஐ நம்புவதைவிட இந்தச் சோதனையையே அதிகம் நம்புகிறேன்.

செங்காங்வாசி:

வார இறுதியில் தெம்பனிஸ் வீடுகளையும் சேர்த்துப் பார்த்தேன். அங்கே 100 சதுர மீட்டரைத் தாண்டிய பழைய நாலறை வீடுகள் பல இருப்பதால் ஒட்டுறவு 0.88ஆகக் குறைந்தது. VIF 4.4க்கு இறங்கி, அறையின் திட்டப்பிழையும் வெகுவாகச் சுருங்கியது. ஆனால் பரப்பு கூடுதலாக உள்ள நாலறை வீடுகளெல்லாம் வயது கூடியவையாகவும் இருக்கின்றன. வயதைச் சேர்த்தால் பரப்பின் திட்டப்பிழை மறுபடி ஏறுகிறது, சேர்க்காவிட்டால் பழைய வீட்டின் விலைச்சரிவு பரப்பின் கணக்கில் விழுகிறது.

பழைய பட்டறை:

நானாக இருந்தால் வயதைச் சேர்த்துவிட்டு, ஏறிய திட்டப்பிழையை அப்படியே அறிக்கையில் காட்டுவேன். இரண்டு வட்டாரங்களின் விலைநிலை வேறு என்பதற்கும் ஒரு மாறி வேண்டியிருக்கும், அது வயதோடு எவ்வளவு ஒட்டுகிறது என்பதைத் தரவைப் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது.

மாலைநேர மாணவி:

தெம்பனிஸை மட்டும் தனியாக எடுத்தால், அங்கேயே புதிய நாலறையும் பழைய நாலறையும் கிடைக்குமே. அதை யாராவது ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா?