பிளைவீலுக்குத் தமிழில் என்ன சொல்வது? (கலைச்சொல் விவாதம்)

சரவணன், ஓமலூர்:

ஐ.டி.ஐ. மாணவர்களுக்காக, தகட்டை அடித்துத் துளையிடும் பவர் பிரஸ் பற்றிய பாடத்தைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் சுழலும் கனமான சக்கரமான பிளைவீல் வரும் இடத்தில் "பறக்கும் சக்கரம்" என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிடலாம் என்பதில் எல்லோரும் ஒத்துப்போவோம். "வேகச்சீராக்கி" என்று மாற்றலாமா? வேகம் ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்வதுதானே அதன் வேலை.

தனலட்சுமி:

சரவணன், அந்தப் பெயர் வேண்டாம். இன்ஜினில் கவர்னர் செய்யும் வேலைக்குத்தான் அது பொருந்தும். லோடு மாறினாலும் சராசரி வேகத்தை நிலையாக வைப்பது கவர்னர். பிரஸ்ஸில் இந்தச் சக்கரத்தின் வேலை வேறு. வேகம் இறங்கினால்தான் அது எதையாவது கொடுக்க முடியும். இறங்கவே விடாவிட்டால் முழு அடியும் மோட்டார் மேல்தான் விழும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 8 மி.மீ. எம்.எஸ். தகட்டில் 20 மி.மீ. துளை. வெட்டு வலிமையைச் சதுர மி.மீ.க்கு 360 நியூட்டன் என்று வைத்தால், துளையின் சுற்றளவையும் தடிமனையும் பெருக்கி வரும் விசை ஏறக்குறைய 181 கிலோ நியூட்டன், அதாவது 18 டன்னுக்குச் சற்று மேல். பஞ்ச் இறங்க இறங்க விசை குறைந்துகொண்டே போவதால் அதில் பாதியை எடுத்து 8 மி.மீ. தடிமனால் பெருக்கினால், ஒரு துளைக்கு 724 ஜூல்.

ஸ்ட்ரோக் 80 மி.மீ., நிமிடத்துக்கு 30 அடி, பஞ்ச் டைக்குள் 2 மி.மீ. இறங்குகிறது என்று வையுங்கள். வெட்டு நடப்பது கிராங்க் சுமார் 23 பாகை சுற்றும் நேரம் மட்டுமே, 0.13 வினாடி. தகட்டைத் தொடும் கணத்தில் மோட்டாரே நேராகத் தள்ளுவதானால் 20 எச்.பி. வேண்டும். மீதி 1.87 வினாடி அது சும்மா ஓடும். அதே 724 ஜூலை 2 வினாடிக்கும் பரப்பினால் 362 வாட். கியர், பேரிங் இழப்பைச் சேர்த்தாலும் 500 வாட்டுக்குள் அடங்கும். 1 எச்.பி. போதும், 1.5 போட்டால் நிம்மதி.

இடையில் நிற்பது அந்தச் சக்கரம். அது 300 சுற்றில் ஓடி, 10:1 கியரில் கிராங்கை 30 சுற்றில் ஓட்டுகிறது. ஒவ்வொரு அடிக்கும் 300-லிருந்து 270-க்கு இறங்கலாம் என்று விட்டு, வெட்டும் நேரத்தில் மோட்டார் தரும் கொஞ்சத்தைக் கழித்தால், விளிம்பின் சராசரி விட்டம் 600 மி.மீ.க்கு விளிம்பு மட்டும் 80 கிலோ வேண்டும். வேகம் பத்து சதவீதம் இறங்கினாலும், சேர்த்து வைத்ததில் பத்தொன்பது சதவீதம் வெளியே வந்துவிடும், ஏனென்றால் ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. இதே சக்கரத்தை 600 சுற்றில் ஓட்டினால் 20 கிலோ விளிம்பே போதும்.

இறங்கி இறங்கி ஏறுவதே பிழைப்பாகக் கொண்ட ஒரு பொருளுக்கு "சீராக்கி" என்று பெயர் வைத்தால் மாணவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான். என் பரிந்துரை சேமச்சக்கரம்.

இளங்கோ, சங்ககிரி:

சேமச்சக்கரம் எனக்குப் பிடித்திருக்கிறது. கரண்டைச் சேமிக்கிறது என்றும் புரிந்துகொள்ளலாம். ஜல்லி கிரஷரிலும் இதே கதைதான். வீல் பெரிதாக இருந்தால் மோட்டாரைச் சின்னதாக்கலாம், பில்லும் பாதியாகும். எவ்வளவு பெரிசோ அவ்வளவு நல்லது.

தனலட்சுமி:

முதல் பாதி சரி, இளங்கோ. பில் பாதியாகாது. கல் உடைய எவ்வளவு வேண்டுமோ அதை மோட்டார் மொத்தமாகக் கொடுத்தே தீர வேண்டும், யூனிட் ஏறக்குறைய அதேதான். குறைவது உச்ச இழுப்பும், அதனால் வாங்க வேண்டிய ஒப்பந்த லோடும், கேபிளும், ஸ்டார்ட்டரும்.

தாடை கிரஷரில் தாடை நெருங்கும் அரைச் சுற்றில்தான் கல் உடைகிறது, விலகும் அரைச் சுற்றில் சக்கரம் மீள்கிறது. எக்சென்ட்ரிக் தண்டின் இரண்டு முனையிலும் ஒவ்வொன்று இருக்கும். ஒன்று பெல்ட் புல்லியாகவும் உழைக்கும், மற்றது எடைச் சமனுக்கும் சேர்த்து. நம் பக்கத்துக் கருங்கல் மாதிரி கடினமான கல்லில் அந்த அரைச் சுற்று இழுப்பு கடுமையாகவே இருக்கும்.

ஆனால் "எவ்வளவு பெரிசோ" என்பது ஓடாது. கனச் சக்கரத்தை நிலையிலிருந்து கிளப்ப மோட்டாருக்கு நேரம் பிடிக்கும், அதுவரை கரண்ட் பல மடங்கு ஓடும், ஓவர்லோட் ரிலே விழும். கரண்ட் போய் வாயில் கல் சிக்கி நின்றுவிட்டால், கல்லை எடுக்காமல் ஸ்விட்ச் போடவே கூடாது. ரிலேயைக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பக் கிளப்பினால் வைண்டிங் கருகிப் போகும்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் வளைந்துகொடுக்க வேண்டும். 1 எச்.பி. மோட்டார் 1500-க்கு 1400 சுற்றில்தான் ஓடும், அதனால் சக்கரம் இறங்கும்போது தானும் சேர்ந்து இறங்கும். பெரிய மோட்டார் 1460, 1470-லேயே பிடிவாதமாக நிற்கும். அங்கே பத்து சதவீதம் இறக்கம் கேட்டால் சக்கரம் கொடுப்பதற்குள் மோட்டாரே முழுச் சுமையையும் இழுத்துக்கொள்ளும். அதனால்தான் பெரிய பிரஸ்ஸுக்கு ஹை ஸ்லிப் மோட்டார் கேட்டு வாங்குகிறார்கள்.

குமரேசன், செவ்வாய்ப்பேட்டை:

அக்கா, எங்கள் கொலுசுப் பட்டறையில் கை பிரஸ் இருக்கிறது. மேலே கைப்பிடியின் இரண்டு முனையிலும் இரும்புக் குண்டு. அதற்கும் சேமச்சக்கரம்தானா? மோட்டாரே கிடையாதே. பட்டறையில் யாரும் இதெல்லாம் சொல்ல மாட்டார்கள், "குண்டு", "வீல்", அவ்வளவுதான்.

தனலட்சுமி:

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். உங்கள் குண்டும் சேர்த்து வைத்துத்தான் கொடுக்கிறது, ஆனால் ஒரே அடியில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு நின்றுவிடும். பவர் பிரஸ் சக்கரம் நிற்காது, கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளும். சேமம் என்ற சொல் இரண்டையும் தாங்கும், சக்கரம் என்பதுதான் உங்கள் குண்டுக்குப் பொருந்தாது. அதற்குச் "சேமக்குண்டு" எனலாம்.

சரவணன்:

பாடத்தில் ஒரு சந்தேகம். இதே பிரஸ்ஸில் 12 மி.மீ. தகடு போட்டால் சக்கரம் தாங்குமா? "டன்னேஜ்" பார்த்தால் போதாதா?

தனலட்சுமி:

போதாது. டன் என்பது பிரஸ் உடம்பின் கணக்கு, ஜூல் சக்கரத்தின் கணக்கு. தடிமன் ஒன்றரை மடங்கானால் விசை ஒன்றரை மடங்கு, 27 டன்னுக்கு மேல். ஆற்றலோ இரண்டேகால் மடங்கு, 1630 ஜூல். நம் சக்கரத்தில் மொத்தமே சுமார் 3550 ஜூல்தான் இருக்கிறது. வேகம் கால் பங்குக்கு மேல் இறங்கிவிடும். பிரஸ் 40 டன் என்று போட்டிருந்தாலும் இதுதான் நிலை. தனித்தனி அடியாக, நடுவில் விட்டு விட்டு அடித்தால் ஒப்பேறும். தொடர்ந்து 30 அடி அடித்தால் 1 எச்.பி. மீட்டுக்கொடுக்காது.

காதிலேயே தெரியும். ஒவ்வொரு அடிக்கும் ஓசை இன்னும் கொஞ்சம் தாழ்ந்துகொண்டே வரும். அடுத்த அடிக்குள் அம்மீட்டர் முள் பழைய இடத்துக்குத் திரும்பாது. பெல்ட் கருகும் வாடையும், கார்டுக்குள் கறுப்புத் தூளும் வந்தால் பெல்ட் வழுக்குகிறது என்று அர்த்தம். அதை இறுக்கிப் பிரயோசனமில்லை, அடிகளைக் குறைக்க வேண்டும்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் சக்கரம் ஓடிக்கொண்டிருக்கும், கிளட்ச் விழுந்தால் ராம் இறங்கும். சக்கரம் முழுதாக நின்ற பிறகே டையில் கை வைக்க வேண்டும் என்று பாடத்தில் தனி வரியாக எழுதுங்கள். "சேமம்" என்ற பெயர் அந்த எச்சரிக்கைக்கும் உதவும்: இன்னும் உள்ளே சரக்கு இருக்கிறது.

இளங்கோ:

பில் விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் குயவர் சக்கரத்துக்குத் "திகிரி" என்று பழைய சொல் இருக்கிறதே? கோலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, அது ஓயும்வரை மண்ணை வனைகிறார்கள். அதுதானே பிளைவீல்?

தனலட்சுமி:

வேலை அதுவேதான், மறுக்கவில்லை. ஆனால் திகிரி எந்தச் சக்கரத்துக்கும் வரும், தேர்ச் சக்கரத்துக்கும். "சேமத்திகிரி" என்றால் ஐ.டி.ஐ. பையன் வாயில் வருமா?

சரவணன்:

இப்போதைக்குப் பாடத்தில் "சேமச்சக்கரம்" என்றும், முதல் முறை வரும் இடத்தில் பக்கத்திலேயே "பிளைவீல்" என்றும் போடுகிறேன். அடிக்கு அடி இறங்கும் அந்தப் பத்து சதவீதத்துக்குச் சொல் இன்னும் இல்லை. "வேக இறக்கம்" என்றால் மலைப்பாதை இறக்கம் மாதிரி இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

குமரேசன்:

பட்டறையில் "வீல் அசந்துடுச்சு" என்போம். "அசவு"?