ஒருவரைக் கேட்டதா, எல்லாரையும் கேட்டதா? ‘யூ கைஸ்’ வந்தால் தமிழில் எப்படிப் போடுகிறீர்கள்?

அட்டன் அக்கா

எங்கள் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் மூன்று மொழியும் ஓடும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஆங்கிலத்தில் எழுதுவதை ஒருவர் தமிழிலும் இன்னொருவர் சிங்களத்திலும் போடுவார்கள். ஒன்றுகூடலுக்கு முன் ஒரு தம்பி பதுளையில் வேலை செய்யும் அக்கா ஒருவரிடம் ‘ஆர் யூ கைஸ் கமிங் பை பஸ்?’ என்று கேட்டார். தமிழில் ‘நீங்கள் பஸ்ஸிலா வருகிறீர்கள்?’ என்று போட்டார்கள். அக்கா ‘ஆமா, பஸ்தான்’ என்றார். அவர் சொன்னது தன்னை மட்டும். தம்பி கேட்டது குடும்பத்தையே. பண்டாரவளையில் கணவரும் பிள்ளைகளும் ஒன்றுகூடலுக்குப் போகும் வேனுக்காகக் காத்திருக்க, எல்லாரும் பஸ்ஸில் வருவதாக நினைத்து வேன் அவர்களை ஏற்றாமலே போய்விட்டது. சிங்களத்தில் ‘ஒயாலா’ என்று போட்டதால் அந்தப் பக்கம் படித்தவர்களுக்குக் குடும்பம் என்றே புரிந்திருந்தது. உங்களுக்கும் இப்படி நடந்ததுண்டா?

தலவாக்கலை தம்பி

‘நீங்கள்’ என்பதிலேயே ‘கள்’ இருக்கிறதே அக்கா, அது பன்மைதான். ஒருவர் என்றால் நீ, பலர் என்றால் நீங்கள். போட்டவர் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

பண்டாரவளை டீச்சர்

தம்பி, இலக்கணப்படி நீங்கள் சொல்வது சரி. ஆனால் பதுளை அக்காவை யார் ‘நீ’ என்று கேட்பார்கள்? மரியாதைக்காக ஒருவரையும் ‘நீங்கள்’ என்கிறோம். வினையும் கைகொடுக்காது, ஒருவர் வந்தாலும் பத்துப் பேர் வந்தாலும் ‘வருகிறீர்கள்’தான். ஆங்கிலமும் இதே வழியில்தான் போனது. ‘தௌ’ ஒருவருக்கு, ‘யூ’ பலருக்கு என்று இருந்தது. மரியாதைக்காக ஒருவருக்கும் ‘யூ’ போட்டுப் போட்டு, ‘தௌ’ பேச்சிலிருந்து ஏறக்குறைய மறைந்தது. அதன் பிறகுதான் பலரைச் சொல்ல ‘யூ கைஸ்’, ‘யூ ஆல்’ எல்லாம் தேவைப்பட்டன.

சிங்களத்தில் ‘ஒயா’, ‘ஒயாலா’ என்று தனித்தனியாக இருப்பதால் அவர்களுக்குச் சிக்கல் குறைவு. அதிலும் ஒரு வசதி உண்டு: ஒருவரைப் பார்த்து ‘ஒயாலா’ என்றால் அவரும் அவரைச் சேர்ந்தவர்களும் என்று வரும்.

நான் மொழிபெயர்க்கும்போது முதலில் ஒன்றுதான் பார்ப்பேன். அந்த ‘கைஸ்’ குழுவில் படித்துக்கொண்டிருப்பவர்களா, இல்லை படிக்கும் ஒருவரும் அங்கே இல்லாத அவருடைய ஆட்களுமா? முதலாவது என்றால் ‘எல்லாரும் பஸ்ஸிலா வர்றீங்க?’ போதும், ‘நீங்கள்’ கூடத் தேவையில்லை. இரண்டாவது என்றால் ஆட்களைச் சொல்லியே ஆக வேண்டும்: ‘வீட்டில் எல்லாருமே பஸ்ஸிலா வர்றீங்க?’ எண்ணிக்கை தெரிந்தால் ‘நீங்க அஞ்சு பேரும்’ என்பது இன்னும் உறுதி. கேள்வி பலருக்கு, பதில் ‘நான்’ என்று வருகிறதா? உடனே திருப்பிக் கேட்டுவிடுங்கள்.

வெலிமடை மருமகள்

எனக்கும் இதே பிரச்சினைதான் டீச்சர். என் கணவரின் தம்பி என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அவரை நீ என்பதா, நீங்க என்பதா? மாமியார் முன்னால் வாயே வரமாட்டேன் என்கிறது.

பண்டாரவளை டீச்சர்

அது வேறு கதை மா, ஆனால் ‘நீங்க’ என்றே சொல்லுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நுவரெலியா பொடியன்

நாங்கள் ‘மச்சான்மாரே’ என்று போட்டுவிடுவோம். ஒருமுறை பெண்பிள்ளைகளும் இருந்த குழுவில் ஒருவன் ‘பசங்களா, சனிக்கிழமை வாங்க’ என்று மாற்றினான். பெண்பிள்ளைகள் யாரும் வரவில்லை, தங்களைக் கூப்பிடவில்லை என்று நினைத்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அந்த ‘கைஸ்’ பெண்களையும் சேர்த்தது. இப்போது ‘எல்லாரும் வாங்க’ என்றுதான் போடுகிறோம். ‘நண்பர்களே’ என்றால் மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது.

கொட்டகலை அண்ணன்

‘ஆல் ஆஃப் யூ’வுக்கு ‘எல்லாரும்’ போட்டால் சரிதான், ஆனால் மறுப்பு வந்தால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு கூட்டத்துக்கு ‘நீங்கள் எல்லாரும் வரத் தேவையில்லை’ என்று தமிழில் வந்தது. ஆங்கிலத்தில் சொன்னது, எல்லாருமே வர வேண்டியதில்லை, சிலர் வந்தால் போதும் என்று. எங்கள் லயத்தில் யாருமே போகவில்லை. ‘வீட்டுக்கு ஒருவர் வந்தால் போதும்’ என்று எழுதியிருந்தால் முடிந்திருக்கும்.

தலவாக்கலை தம்பி

‘எல்லாருமே வரத் தேவையில்லை’ என்று ஏகாரம் போட்டால் தெளிவாகிவிடாதா?

கொட்டகலை அண்ணன்

பேசும்போது அழுத்திச் சொன்னால் தெளிவாகும். எழுத்தில் அதையும் இரண்டு விதமாகப் படித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பண்டாரவளை டீச்சர்

எனக்கு ‘எல்லாருமே’ போதும் என்றுதான் படுகிறது. ஆனால் வேன், கூட்டம் போன்ற விஷயம் என்றால் அண்ணன் சொல்வது போல எத்தனை பேர் என்று எழுதிவிடுவதே நல்லது.

அட்டன் அக்கா

சரி, அடுத்த ஒன்றுகூடலுக்கு ‘உங்கள் வீட்டிலிருந்து எத்தனை பேர், யார் யார் எதில் வருகிறார்கள்?’ என்று கேட்கச் சொல்கிறேன். ஆங்கிலத்தில் எழுதும் தம்பியிடமும் அப்படியே கேட்கச் சொல்லியிருக்கிறேன். இந்தி, மலையாளம் தெரிந்தவர்கள் அங்கே எப்படி என்று சொல்லுங்கள்.