வினாத்தாளின் படம் மட்டும் வந்திருக்கிறது: விடைக்குறிப்பா, படிப்புத் திட்டமா, கடின அலசலா?

மாலைவகுப்பு (கேட்டவர்)

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலுக்கு வீட்டில் மாலை வகுப்பு எடுத்து வருகிறேன். எட்டு மாணவர்கள், அனைவரும் தமிழ் வழியில் படிப்பவர்கள். நேற்று இரவு 9.40 மணிக்கு அவர்களில் ஒருவன், அச்சிட்ட வினாத்தாளின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறான். முன்னும் பின்னும் ஒரு சொல்கூட இல்லை. "என்னப்பா வேண்டும்?" என்று கேட்டேன், இன்னும் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது.

அது அவனுடைய அப்பாவின் போன். அவர் லாரி ஓட்டுகிறார். இன்று இரவு வீட்டுக்கு வந்து விடியற்காலையில் மீண்டும் கிளம்பிவிடுவார் என்பதால், அந்த இடைவெளியில் அரை மணி நேரம்தான் பையனுக்குப் போன் கிடைக்கும். பொங்கல் விடுமுறை என்பதால் வகுப்பும் இல்லை. விடுமுறை முடிந்த மறுநாளே அவர்களுக்குத் திருப்புதல் தேர்வு. ஆகவே நான் கேட்டு, அவன் சொல்லி, அதன்பின் அனுப்புவதற்கு நாள் போதாது. இன்று அனுப்புவதே அவனுக்குப் பயன்பட வேண்டும்.

படத்தில் 28 முதல் 35 வரையான வினாக்கள் தெரிகின்றன. தலைப்புள்ள பக்கம் இல்லாததால் எந்தத் தேர்வின் தாள் என்று தெரியவில்லை. ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு விடைக்குறிப்பு எழுதுவதா, மீதி நாட்களுக்குப் படிப்புத் திட்டம் போட்டுக் கொடுப்பதா, எந்த வினா எளிது எது கடினம் என்று அலசிக் கொடுப்பதா என்பதே என் குழப்பம். மூன்றையும் செய்ய எனக்கு நேரமில்லை.

கணக்குப்பிரியன்

வினாத்தாளை மட்டும் ஒருவன் அனுப்பினால் அவனுக்கு வேண்டியது விடைதான். இதில் யோசிக்க ஒன்றுமில்லை. எல்லா வினாக்களுக்கும் சுருக்கமாக விடை எழுதி அனுப்பிவிடுங்கள். எந்தத் தேர்வு என்ற சந்தேகம் இருந்தால், படத்தைக் கணினியில் சேமித்து அதன் விவரங்களைத் திறந்து பாருங்கள். படம் எடுத்த தேதியும் நேரமும் அதில் இருக்கும். அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பணிநிறைவு முதுகலை ஆசிரியர்

அம்மா, விடை எழுதத் தொடங்கும் முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தத் தாளுக்கான தேர்வு நடந்து முடிந்துவிட்டதா? பல பள்ளிகளுக்குப் பொதுவான தாள் என்றால், தேர்வுக்கு முந்தைய இரவே அதன் பக்கங்கள் கைமாறுவதை நான் பார்த்திருக்கிறேன். முன்னும் பின்னும் சொல் இல்லாமல் ஒரே ஒரு பக்கம் வருவது அப்படியும் இருக்கலாம். இன்னும் நடக்காத திருப்புதல் தேர்வின் தாளாக இருந்தால் நீங்கள் விடையும் தரக்கூடாது, திட்டமும் தரக்கூடாது. பையனைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. அவனுக்கே தெரியாமல் அவன் கைக்கு வந்திருக்கக்கூடும்.

தம்பி சொன்ன தேதி விஷயம் இங்கே உதவாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் கேமரா பதிந்த தேதி, இடம் முதலிய விவரங்கள் நீங்கிவிடுகின்றன; ஆவணமாக அனுப்பினால்தான் அவை தங்கும். கணினியில் நீங்கள் பார்ப்பது படத்தைச் சேமித்த நேரமாகவே இருக்கும்.

அதைவிட, படத்தைப் பெரிதாக்கிக் காகிதத்தைப் பாருங்கள். மடிப்பு இருக்கிறதா, வினா எண்ணில் வட்டமோ கோடோ இருக்கிறதா, ஓரத்தில் பென்சில் எழுத்து ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். நான்கு பக்கத் தாளில் இந்த ஒரு பக்கத்தை மட்டும் அவன் ஏன் எடுத்தான் என்பதற்கு விடை அங்கேதான் இருக்கும்.

ஒரு மாணவியின் தந்தை

எங்களுக்கும் இதே தொல்லைதான். என் மகள் சிபிஎஸ்இ பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். வினாத்தாளைப் படமெடுத்தால் ஒரு பக்கம் எப்போதும் நிழலாகவே விழுகிறது. குழல் விளக்குக்கு நேர் கீழே நின்று எடுக்காமல், பகலில் சன்னல் ஓரத்தில் தாளை வைத்து எடுத்தால் எழுத்துகள் தெளிவாக வருகின்றன. அந்த மாணவனிடமும் சொல்லிப் பாருங்கள்.

மாலைவகுப்பு

ஐயா, மிக்க நன்றி. அதே பள்ளியில் படிக்கும் மற்றொரு மாணவிக்குப் போன் செய்து வினாக்களைப் படித்துக் காட்டினேன். டிசம்பரில் அவர்கள் எழுதிய அரையாண்டுத் தேர்வின் தாள்தான் இது என்று அவள் உறுதியாகச் சொல்கிறாள். அந்த அச்சம் நீங்கியது.

தாள் நான்காக மடிக்கப்பட்டிருக்கிறது. ஐந்து மதிப்பெண் பகுதியில் 34 (அ)வுக்கு நேரே ஒரு சிறு டிக் இருக்கிறது. அது வீட்ஸ்டன் சமனச் சுற்று. கட்டாய வினாவான 33இன் எண்ணைச் சுற்றி இரண்டு முறை வட்டமிட்டிருக்கிறான். வினா இது: ஓர் உலோகத்தின் வெளியேற்று ஆற்றல் 2.4 eV, அதன் மீது 400 nm அலைநீளமுள்ள ஒளி விழும்போது நிறுத்து மின்னழுத்தம் எவ்வளவு? அதன் வலது ஓரத்தில் பென்சிலால் மெல்லியதாக எழுதி, பாதியில் நிறுத்தியிருக்கிறான். முதல் பார்வையில் அதைக் காகிதக் கறை என்றே நினைத்துவிட்டேன்.

```
4.95 × 10⁻¹⁹ − 2.4 =
```

பணிநிறைவு முதுகலை ஆசிரியர்

அம்மா, அந்தப் பையன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டான். கேள்வி அந்த ஓரத்தில் இருக்கிறது.

அவன் எழுதியதைப் பின்னோக்கிப் படியுங்கள். 6.6 × 10⁻³⁴ஐ 3 × 10⁸ஆல் பெருக்கி, 400 nm என்பதை 4 × 10⁻⁷ மீட்டராகச் சரியாக மாற்றி வகுத்திருக்கிறான். வருவது 4.95 × 10⁻¹⁹ ஜூல். அடுக்குக்குறிகளில் பிழையில்லாமல் இதுவரை வந்த மாணவனுக்குப் பாடம் தெரியாது என்று சொல்ல முடியாது. அதன் பிறகு அந்த ஜூலிலிருந்து எலக்ட்ரான் வோல்ட்டில் கொடுத்த 2.4ஐக் கழிக்கப் போயிருக்கிறான். எடுத்த எண் ஒன்றுமில்லாத அளவுக்குச் சிறியது, கழிக்கும் எண் அதைவிடப் பெரியது, விடை எதிர்க்குறியில் வருகிறது. அங்கே ஏதோ தவறு என்று உணர்ந்துதான் பென்சிலை நிறுத்தியிருக்கிறான். தவறு இருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. எங்கே என்றுதான் தெரியவில்லை.

அவனுக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. 4.95 × 10⁻¹⁹ஐ 1.6 × 10⁻¹⁹ஆல் வகுத்தால் ஏறக்குறைய 3.1 eV, அதிலிருந்து 2.4 போனால் 0.7 eV, எனவே நிறுத்து மின்னழுத்தம் 0.7 வோல்ட். கடைசிப் படியில் eV எப்படி வோல்ட் ஆயிற்று என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லுங்கள். பெரும இயக்க ஆற்றலை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுக்கிறோம் என்பதால்தான் எண் மாறாமல் அலகு மட்டும் மாறுகிறது. விடைத்தாள் திருத்தும்போது, 0.7 eV என்று எழுதி முடித்துவிட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அலகுக்கான மதிப்பெண் அங்கே போய்விடும்.

கணக்குப்பிரியன்

அப்படியானால் நான் சொன்னதுதானே சரி? விடைதானே கேட்டிருக்கிறான்!

பணிநிறைவு முதுகலை ஆசிரியர்

பாதி சரி, தம்பி. விடைதான், ஆனால் எட்டு வினாக்களுக்கும் அல்ல. அப்பாவின் போனில் அரை மணி நேரத்துக்குள் எட்டு விடைகளையும் படிக்க வேண்டியவன், தனக்கு வேண்டிய அந்த ஒரு வரியைத் தாண்டிப் போய்விடுவான்.

மற்ற இரண்டையும் ஏன் விலக்குகிறேன் என்றால், இந்த ஒரு பக்கம் அவற்றுக்குப் போதாது. 70 மதிப்பெண் தாளில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள் முழுவதும், இரண்டு மதிப்பெண் பகுதி முழுவதும் படத்துக்கு வெளியே இருக்கின்றன. ஐந்து மதிப்பெண்ணில் 36 முதல் 38 வரையும் இல்லை. மேலும் ஐந்து மதிப்பெண் வினா ஒவ்வொன்றிலும் (அ), (ஆ) என இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம் என்பதால், ஒரு வினா கடினம் என்பது மட்டும் மாணவனைப் பாதிக்காது. அதன் இணை வினாவும் கடினமாக இருந்தால்தான் பாதிக்கும். கடினத்தைப் பற்றி இந்தப் பக்கத்தை வைத்து உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: மூன்று மதிப்பெண் பகுதியில் ஆறு வினாக்கள் எழுத வேண்டும், அவற்றில் 33 கட்டாயம். அதை விட்டால், மற்றவற்றை எவ்வளவு நன்றாக எழுதினாலும் 18க்கு 15தான்.

விடுதிக்காப்பாளர்

ஐயா, ஒரு மாறுபட்ட கருத்து. விடுதியில் என் பொறுப்பிலுள்ள மாணவர்களை வைத்துச் சொல்கிறேன். திருப்புதல் தேர்வு விடுமுறை முடிந்ததும் வருகிறது. அரையாண்டுத் தாளில் முடிந்துபோன ஒரு கணக்கை இப்போது சரிசெய்வதைவிட, மீதி நாட்களை எப்படிப் பிரிப்பது என்று சொன்னால் அவனுக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்காதா? திட்டம் இல்லாமல் படிக்கும் பையன்கள் முதல் தொகுதியின் நிலை மின்னியலையே மூன்று நாள் பிடித்துக்கொண்டிருப்பார்கள்; இரண்டாம் தொகுதியைத் தொடுவதே இல்லை.

பணிநிறைவு முதுகலை ஆசிரியர்

நீங்கள் சொல்லும் பையன்களை நானும் அறிவேன். ஆனால் இவனுடைய மதிப்பெண் பட்டியல் நம்மிடம் இல்லை; எந்தப் பாடம் விட்டுப்போயிற்று என்று தெரியாமல் போடும் திட்டம் பொருளடக்கத்தை நாட்களால் வகுத்ததாகத்தான் இருக்கும். அவன் தடுமாறிய கணக்கு எட்டாம் பாடத்தில் இருக்கிறது, அதாவது இரண்டாம் தொகுதியை அவன் தொட்டிருக்கிறான் என்பது வரைக்கும்தான் இந்தப் படத்திலிருந்து தெரிகிறது.

மாலைவகுப்பு

அந்த டிக்கை என்ன செய்வது ஐயா? 34 (அ)வுக்கும் விடை வேண்டும் என்று பொருளா, தேர்வில் அதை எழுதினான் என்று பொருளா?

பணிநிறைவு முதுகலை ஆசிரியர்

அது எனக்கும் பிடிபடவில்லை. பொதுத் தேர்வில் வினாத்தாளில் பதிவு எண்ணைத் தவிர வேறு எதுவும் எழுதக்கூடாது என்று சொல்லிப் பழக்குவோம். பள்ளித் தேர்வில் அந்தக் கண்டிப்பு எல்லா அறையிலும் இருப்பதில்லை. எனவே தேர்வறையில் இட்டதா, வீட்டில் இட்டதா என்று டிக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டு வட்டத்துக்கு முன்னால் ஒரு டிக் சிறியதுதான். வேண்டுமானால் அதற்கு நான்கு வரிக் குறிப்பு மட்டும் சேருங்கள்: படம், B, D சந்திகளில் கிர்க்காஃப் மின்னோட்ட விதி, இரண்டு மூடிய சுற்றுகளில் மின்னழுத்த விதி, கால்வனாமீட்டர் மின்னோட்டம் சுழி என்று வைத்து `P/Q = R/S` பெறுதல். படத்தில் மின்னோட்டத்தின் திசைகளைக் குறிக்காமல் சமன்பாடு எழுதினால் குறியில் பிழை வரும் என்பதை மட்டும் அடிக்கோடிடுங்கள்.

மாலைவகுப்பு

அனுப்பிவிட்டேன். 33ஐ என் கையால் தாளில் எழுதி, ஜூலை eVஆக மாற்றும் வரியைச் சிவப்பு மையில் சுற்றிப் படமெடுத்து அனுப்பினேன், அவனுடைய பென்சில் வரியையும் அப்படியே மேலே எழுதி, "இங்கே நின்றாய் அல்லவா?" என்று குறித்தேன். அதன் கீழே, இதே கணக்கை 300 nmக்குப் போட்டு எண்ணை மட்டும் அனுப்பு என்று சேர்த்தேன், 1.7 வோல்ட்டுக்கு அருகில் வந்தால் புரிந்துவிட்டது என்று கொள்ளலாம். வீட்ஸ்டனுக்கு நான்கு வரி.

இரவு 10.15க்கு இரட்டை டிக் வந்தது. சற்று முன் அவனிடமிருந்து பதில்: "1.73". இந்த முறையும் வேறு சொல் இல்லை. அலகும் இல்லை.