மஞ்சள், மிளகாய், மல்லித் தூள்: எண்ணெயில் போடுவதா, தக்காளிக்குப் பிறகா?

குழம்புக்கரண்டி: அரை கிலோ பிராய்லர் கோழிக்குக் குக்கரில் குழம்பு வைக்கிறேன். தாளிச்சதும் எண்ணெயில் தூள்களைப் போட்டா கருகிக் கசக்குது. தண்ணி ஊத்தினப்புறம் போட்டா பச்சை வாசனை போக மாட்டேங்குது. எப்பதான் போடணும்?

நல்லெண்ணெய்: எண்ணெயில்தான் போடணும், அதுல மாற்றுக் கருத்தே கிடையாது. மிளகாயோட சிவப்பு தண்ணியில இறங்காது, எண்ணெயிலதான் இறங்கும். வெறும் தண்ணியில மிளகாய்த்தூளைக் கரைச்சுப் பாருங்க, கொஞ்ச நேரத்துல அடியில போய் உக்காந்துக்கும். கருகுதுன்னா கை வேகம் பத்தலைன்னு அர்த்தம். தூளைப் போட்ட கையோட வெங்காயத்தைக் கொட்டிடணும்.

கல்சட்டி: நிறம் பத்திச் சொன்னது சரி. ஆனா நிறம் இறங்க எண்ணெய் இருந்தால் போதும், கடுகு வெடிக்கிற சூடு தேவையில்லை. மிளகாய்த்தூள் மாவா இருக்கு, அதில் சர்க்கரையும் உண்டு. அந்தச் சூட்டில் சில நொடிகளிலேயே செங்கல் நிறத்துக்குப் போய், பிறகு காப்பிப்பொடி மாதிரி ஆகிடும். கை வேகத்தை நம்பி இறங்குற வேலை இல்லை இது.

குழம்புக்கரண்டிக்கு: மூணு தூளையும் ஒரே நேரத்தில் போடுறதுதான் முதல் தவறு. அரை கிலோவுக்கு மூணு மேசைக்கரண்டி எண்ணெய், ரெண்டு பெரிய வெங்காயம், ரெண்டு தக்காளி, ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதுன்னு வச்சுக்குவோம். தூள்: மஞ்சள் அரை டீஸ்பூன், மிளகாய் ஒன்றரை, மல்லி மூணு.

வெங்காயம் கண்ணாடியாகி ஓரம் சிவக்க ஆரம்பிச்சதும் இஞ்சி பூண்டு. அது வதங்கும்போதே மஞ்சள் போடலாம். வெங்காயத்தில் இன்னும் ஈரம் இருக்கும், அதனால் கருகாது, மண் வாசனையும் அங்கேயே போயிடும். அப்புறம் தக்காளியும் கொஞ்சம் உப்பும். தக்காளி உருத்தெரியாமல் குழைஞ்சு, ஓரத்தில் எண்ணெய் லேசாத் தெரிஞ்சதும் தீயை முழுசாக் குறைச்சிடுங்க. கனமில்லாத எவர்சில்வர் குக்கர்னா அரை நிமிஷம் அடுப்பையே அணைச்சிடலாம். இப்ப மல்லித்தூள், அதைக் கிளறினதும் மிளகாய்த்தூள். அரை நிமிஷம் பிரட்டிட்டு ரெண்டு மேசைக்கரண்டி தண்ணி தெளிச்சு, சிறு தீயில் மூணு நாலு நிமிஷம் வதக்கணும்.

அந்தத் தண்ணிதான் காவல். ஈரம் இருக்கிற வரைக்கும் மசாலாவின் சூடு 100 டிகிரியைப் பெரிசாத் தாண்டாது. தண்ணி வத்தி எண்ணெய் பிரியும்போதுதான் சூடு ஏறும், பச்சை வாசனையும் அப்பதான் முழுசாப் போகும். கருகுறதும் அந்தக் கட்டத்துக்கு அடுத்துதான், அதனால் எண்ணெய் மணி மணியாத் தெரிஞ்சதும் கோழியைப் போட்டுடணும்.

புளிக்கரைசல்: இவ்வளவு வதக்கல் எதுக்குன்னு தெரியலை. வத்தக்குழம்புல பொடியைப் புளித்தண்ணியில கரைச்சுத்தான் ஊத்துறோம். பதினஞ்சு இருபது நிமிஷம் கொதிச்சா பச்சை வாசனை இருந்த இடம் தெரியாது. கோழி வேகவும் கிட்டத்தட்ட அதே நேரம் ஆகும். தண்ணியோட போட்டா கருகவே கருகாது, பிரச்சினை முடிஞ்சது.

கல்சட்டி: வத்தக்குழம்பு வேற கணக்கு. நிறைய வீடுகளில் அந்தப் பொடியே மிளகாய், மல்லி, பருப்பு எல்லாம் வறுத்து அரைச்சது. அதில் போக வேண்டிய பச்சை வாசனை குறைவு. ரெண்டாவது, அது மூடாமல் கொதிக்குது, பாதி வத்துது, கடைசியில் எண்ணெய் மேலே மிதக்குது. குக்கரில் மூடி போட்டு மூணு விசில்னா ஒண்ணும் வத்தாது. வாசனை ஆவியில் ஏறி மூடியில் பட்டுத் திரும்பக் குழம்பிலேயே சொட்டும். கேள்வி கேட்டவருக்குப் போகாமல் நிக்கிறது அதனால்தான்.

புளிக்கரைசல்: மூடி விஷயம் ஒத்துக்கறேன். அப்ப குக்கரைத் திறந்தப்புறம் பத்து நிமிஷம் கொதிக்க விட்டாலும் போயிடுமே.

கல்சட்டி: வாசனை பெரும்பாலும் போயிடும். ஆனா அதுக்குள்ள பிராய்லர் கறி நாராக் கிழிஞ்சிடும். நாட்டுக்கோழின்னா உங்க வழி தாங்கும்.

நல்லெண்ணெய்: மல்லிக்கும் மிளகாய்க்கும் தனித்தனி நேரம் பார்க்கிறது தேவையில்லாத வேலை. சேர்த்து அரைச்ச குழம்பு மிளகாய்த்தூள்தான் பாதி வீட்டுல இருக்கு. அதை எப்படிப் பிரிச்சுப் போடுவீங்க?

கல்சட்டி: சேர்ந்த தூளுக்கு வழி, கால் டம்ளர் தண்ணியில் குழைச்சு விழுதாப் போடுறது. விழுது எண்ணெயில் விழுந்தாலும் முதல்ல தண்ணிதான் சுண்டும், அவகாசம் கிடைக்கும். தனித்தனியா வச்சிருந்தா மல்லிக்கு அரை நிமிஷம் முந்தி இடம் கொடுக்கிறதில் லாபம் உண்டு. மல்லி கொஞ்சம் கரகரப்பா இருக்கும், சட்டுன்னு கருகாது, ஆனா வேக நேரம் எடுக்கும். வேகாத மல்லி நாக்கில் மாவாப் படும், காய்ஞ்ச புல் வாசனை வரும். நிறைய பேர் மிளகாய்த்தூளோட பச்சை வாசனைன்னு நினைக்கிறது உண்மையில் மல்லியுடையது.

வறுவல்பிரியை: உருளைக்கிழங்கு வறுவல்லயும் இதே தொல்லைதான். தக்காளியே இல்லையே, அங்க என்ன பண்றது? அடியில கறுப்பா ஒட்டிக்குது.

கல்சட்டி: மஞ்சளையும் உப்பையும் கிழங்கு வேக வைக்கிற தண்ணியிலேயே போட்டுடுங்க. முக்கால் பதம் வெந்த கிழங்கு எண்ணெயில் பிரண்டு ஓரம் சிவந்தப்புறம், தீயைக் குறைச்சு மத்த ரெண்டு தூளையும் கிழங்கு மேல தூவுங்க. சட்டி அடியில் நேராக் கொட்டக் கூடாது. கையால ஒரு தரம் தண்ணி தெளிச்சுப் பிரட்டினா தூள் கிழங்கோட ஒட்டிக்கும்.

பனங்கூடல்: யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு இது ஒண்டும் பொருந்தாது. எங்கட தூள் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம் எல்லாம் வறுத்து இடிச்சது. அதைத் திரும்ப எண்ணெயில் வதக்கினா வறுத்ததை வறுக்கிற மாதிரி, வெந்தயம் கசந்து போகும். இறைச்சி தண்ணியோட கொதிக்கேக்க தூளைப் போட்டு, பிறகு தேங்காய்ப்பால் விடுவம்.

நல்லெண்ணெய்: அப்ப நான் சொன்னதும் தப்பு, அவர் சொன்னதும் தப்பா?

பனங்கூடல்: தூளைப் பாத்துத்தான் சொல்ல வேணும் எண்டுறன். ஒரு சிட்டிகையை எடுத்து முகர்ந்து பாருங்கோ. வறுத்த மணம் வந்தா பிந்திப் போடலாம். காய்ஞ்ச வைக்கோல் மாதிரி இருந்தா வதக்கத்தான் வேணும்.

குழம்புக்கரண்டி: என்னோடது கடையில வாங்கின தனித்தனித் தூள், வறுக்காததுதான்னு தோணுது. ஒருவேளை கருகிட்டா காப்பாத்த முடியுமா? தேங்காய்ப்பால் ஊத்தினா சரியாகும்னு சொல்றாங்க.

கல்சட்டி: கசப்பு கொஞ்சம் மறையும், போகாது. தொண்டையில் கமறல் வந்து இருமல் வர ஆரம்பிச்சா எல்லை நெருங்கிடுச்சு, அந்த நொடியே ரெண்டு கரண்டி தண்ணி ஊத்துங்க. சிவப்பு இன்னும் இருந்தால் தப்பிச்சது. பழுப்பாகி எண்ணெயும் கறுத்திருந்தா மசாலாவைக் கொட்டிட்டுப் புதுசா வெங்காயம் நறுக்கிறதுதான் மலிவு. கோழி இன்னும் உள்ளே போகலையே.

புளிக்கரைசல்: இதுக்குத்தான் தண்ணியில போடச் சொல்றேன். கொட்டுற வேலையே வராது.

நல்லெண்ணெய்: நிறமும் வராது!