கைக் காபி மில்: முதல் உலகப் போருக்கு முன்பா, பின்பா?

காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கிய கைக் காபி மில் ஒன்றின் காலத்தைக் கண்டுபிடிக்க முடியாமல் ஆறு மாதமாகத் தவிக்கிறேன்.

மரப்பெட்டி, கீழே சிறிய இழுப்பறை, மேலே திறந்த பித்தளைக் கிண்ணம். பெட்டியின் மூலைகள் பல்லோடு பல் கோத்தவை. திருகாணிகள் எல்லாம் ஒற்றைக் கீறல் உள்ளவை. முன்பக்கத் தகரத் தகடு பெயர்ந்துவிட்டது, இரண்டு ஆணித்துளைகள் மட்டுமே மிச்சம். கைப்பிடியில் டி.ஆர்.ஜி.எம். என்ற முத்திரை தேய்ந்து தெரிகிறது.

அந்த ஜெர்மன் பதிவு முத்திரை 1891 முதல் 1945 வரை வழக்கில் இருந்தது. எண் இல்லாததால் அதற்குமேல் நெருங்க முடியவில்லை. இழுப்பறையின் அடிப்புறம் பார்த்தேன், எழுத்து எதுவும் இல்லை. மரத்தின் கருமையை நம்பவும் தயக்கம், பின்னாளில் யாரோ வார்னிஷ் பூசியிருக்கிறார்கள். உள்ளே மட்டும் வெளிர்நிறம், பீச் மரம் போன்ற சிறு புள்ளிகள். அரைக்கும் கூம்பைக் கழற்றிப் பார்த்தேன், பற்கள் இன்னும் கூர்மையாக இருக்கின்றன. நுணுக்கத்தைச் சரிசெய்யும் மரை கைப்பிடிக்கு அடியிலேயே உள்ளது.

இது 1914-க்கு முந்தையதா பிந்தையதா என்று பிரித்தறிய, கூம்பிலோ மரையிலோ நான் எந்த அடையாளத்தைத் தேட வேண்டும்?