மூன்று கணக்கும் சரி, காரணம் மட்டும் தப்பு: எங்கள் லெசன் ஸ்டடி அனுபவம்

கணக்கு டீச்சர்:
இரண்டு மாதமாகியும் மனசை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். லெசன் ஸ்டடி என்றால், ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, ஒருவர் எடுக்க மற்றவர்கள் பிள்ளைகளைக் கவனித்து, அப்புறம் உட்கார்ந்து பேசுவது; ஜப்பானில் தொடங்கிய முறை. ஒரே பள்ளியில் நாங்கள் மூன்று பேர். ஏழாம் வகுப்பு, தசம எண்களை ஒப்பிடும் பாடம். மூன்று மதியம் உட்கார்ந்து திட்டமிட்டோம். 'ஏ' பிரிவில் நான் எடுத்தேன். மற்ற இருவரும் என்னைப் பார்க்காமல், ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை மட்டும் கவனித்து எழுதினார்கள்.

45 பெரிய எண் என்பதால் 0.6-ஐ விட 0.45 பெரிது என்று பிள்ளைகள் சொல்வார்கள் அல்லவா? அந்தத் தவறைப் பிடிக்கத்தான் மூன்று ஜோடிகள் வைத்தோம்: 0.6-உம் 0.45-உம், 0.8-உம் 0.15-உம், 0.5-உம் 0.375-உம். ரூபாய்க் கணக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். பைசா எப்போதும் இரண்டு இலக்கமாகவே வரும், தவறு வெளியே தெரியாது. 36 பேரில் 31 பேருக்கு மூன்றும் சரி. எனக்கு ஒரே சந்தோஷம்.

சாயங்காலம் பேச உட்கார்ந்தோம். அறிவியல் டீச்சர் நோட்டைத் திறந்தார். மூன்றாவது பெஞ்சுப் பெண்ணுக்கு மூன்றும் சரி. ஆனால் பக்கத்துப் பையனிடம் அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருந்தார்: "புள்ளிக்கு அப்புறம் நிறைய இருந்தா துண்டு சின்னதாயிடும். கம்மியா இருக்கறதுதான் பெருசு."

எங்கள் மூன்று ஜோடியிலும் இலக்கம் குறைந்த எண்தான் பெரிது! 0.3, 0.45 என்று ஒன்று வைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். நூறில் ஒரு துண்டு பத்தில் ஒரு துண்டை விடச் சின்னது என்பது வரை அவள் சொன்னது சரி. எத்தனை துண்டு என்பதைத்தான் விட்டுவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்து 'பி' பிரிவில் அந்த ஜோடியையும் சேர்த்தோம். ஏழு பேர் 0.3 பெரிது என்றார்கள். நூறு கட்டம் போட்ட தாளில் 30 கட்டமும் 45 கட்டமும் வண்ணம் தீட்டச் சொன்னோம். ஐந்து பேர் மாற்றிக்கொண்டார்கள். ஒரு பையன் மட்டும், "படத்துல 45 பெருசு டீச்சர், நம்பர்ல 0.3 பெருசு" என்றான். இன்னொருவன் எதுவும் சொல்லவில்லை.

சாக்பீஸ்:
இதற்கு மூன்று மதியமா? பின்னால் ஒரு பூஜ்யம் சேர்க்கச் சொன்னால் போதும். 0.30, 0.45. முடிந்தது. பதினாறு வருடமாக அப்படித்தான் சொல்லித் தருகிறேன், பரீட்சையில் யாரும் தப்பு செய்வதில்லை.

மலைப்பள்ளி:
எங்களுக்கும் இப்படி வந்து பார்த்தார்கள். அதிகாரி நாற்காலி போட்டு அமர்ந்து, என் பாடக்குறிப்பில் தேதி போடவில்லை என்று பிள்ளைகள் முன்னாலேயே சொன்னார். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:
மலைப்பள்ளி, உங்களுக்கு நடந்தது தணிக்கை. இது வேறு. நான் ஒருமுறை இதே பெயரில் நடந்த வகுப்புக்குப் போனேன். ஆசிரியை கேள்வியை முடிப்பதற்குள் ஒரு பையன் விடை சொன்னான். அதே பிள்ளைகளை வைத்து முன்பே ஒத்திகை பார்த்திருக்கிறார்கள். அப்புறம் என்னதான் கவனிப்பது?

சாக்பீஸ் சார், பூஜ்யம் சேர்ப்பது தப்பில்லை. ஆனால் அப்போது பிள்ளை 30-ஐயும் 45-ஐயும் முழு எண்களாகத்தான் பார்க்கிறான். இட மதிப்பு அவனுக்குப் புரிந்ததா என்று உங்களுக்கும் தெரியாது. 0.3-க்கும் 0.4-க்கும் நடுவில் ஓர் எண் எழுதச் சொல்லிப் பாருங்கள்.

டீச்சர், அடுத்த முறை இதையும் செய்யுங்கள். ஜப்பானில் வகுப்பு முடிந்ததும் முதலில் பாடம் எடுத்தவரே பேசுவார். அப்புறம் பார்த்தவர்கள், பிள்ளை என்ன சொன்னான், நோட்டில் எதை அழித்தான் என்று கண்டதைச் சொல்வார்கள். வெளியிலிருந்து வந்த அனுபவசாலி கடைசியில்தான் பேசுவார். நீங்கள் மூவருமே உள்ளே இருந்தவர்கள். கேள்விகளை முன்பே வெளியாள் ஒருவரிடம் காட்டியிருந்தால், மூன்றும் ஒரே பக்கம் சாய்வதை அவர் பிடித்திருக்கலாம். இன்னொன்று, மறுபடி எடுப்பது கட்டாயம் இல்லை. அங்கே பல பள்ளிகளில் ஒரு பாடத்தை ஒரே முறைதான் எடுப்பார்கள், கற்றதை அடுத்த பாடத்துக்குக் கொண்டுபோவார்கள்.

நிலா அம்மா:
எல்லாம் சரி. 'பி' பிரிவுக்குத் திருத்தினீர்கள். மூன்றாவது பெஞ்சுப் பெண் 'ஏ' பிரிவு. அவளுக்கு என்ன செய்தீர்கள்?

கணக்கு டீச்சர்:
நிலா அம்மா, அதுதான் உறுத்திக்கொண்டே இருந்தது. நேற்று அவளைக் கூப்பிட்டு பயிற்றுநர் சார் சொன்ன கேள்வியைக் கேட்டேன். 0.35 என்று எழுதினாள், உடனே அடித்துவிட்டாள். "இது 0.3-ஐ விடச் சின்னது டீச்சர், நடுவுல வராது." கட்டத்தாளைக் கொடுத்தேன். 30 கட்டம் தீட்டினாள், அதை ஒட்டி இன்னும் ஐந்து தீட்டினாள். பென்சிலை வைத்துவிட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணி அடித்துவிட்டது. தாளை வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.