ஒரே வாக்கியத்தில் ஸ்பாட்டிஃபை: எந்த நாட்டு நிறுவனம் என்று எழுதுவது?

நிறுவனங்களைப் பற்றி ஆளுக்கொரு வாக்கியம் எழுதும் வேலையில் இருக்கிறேன், ஸ்பாட்டிஃபையில் வந்து மாட்டிக்கொண்டேன். தாய் நிறுவனமான ஸ்பாட்டிஃபை டெக்னாலஜி எஸ்.ஏ. பதிவானது லக்சம்பர்க்கில், ஆனால் தொடங்கியதும் அன்றாட நிர்வாகம் நடப்பதும் ஸ்டாக்ஹோமில், பங்குகளோ 2018 முதல் நியூயார்க் பங்குச்சந்தையில். வெறுமனே "ஸ்வீடன் நிறுவனம்" என்றால் பதிவேட்டைப் பார்ப்பவர் தப்பு என்பார், "லக்சம்பர்க் நிறுவனம்" என்றால் படிப்பவர் குழம்புவார்.

துறையில் சிக்கல் இல்லை, ஒலி ஸ்ட்ரீமிங் என்று போட்டால் பாட்காஸ்ட்டும் அடங்கிவிடும். உரிமைதான் இழுக்கிறது. பொதுப் பங்கு நிறுவனம்தான், ஆனாலும் நிறுவனர்கள் இருவருக்கும் பங்கின் அளவைவிட வாக்குரிமை அதிகம், அதனால் "நிறுவனர்களுக்குச் சொந்தமானது" என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

இப்போதைக்கு இப்படி வைத்திருக்கிறேன்: "லக்சம்பர்க்கில் பதிவுபெற்று, ஸ்டாக்ஹோமிலிருந்து இயங்கும், நியூயார்க் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒலி ஸ்ட்ரீமிங் நிறுவனம்."

சரியாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் மூச்சு முட்டுகிறது. வாக்குரிமையை இதிலேயே நுழைக்கலாமா, அடுத்த வாக்கியத்துக்குத் தள்ளலாமா? நீளத்தைக் குறைக்க எதை வெட்டுவீர்கள்? பதிவு நாட்டை வெட்ட மட்டும் எனக்கு மனசு வரவில்லை.